கைகழுவலும் உணவும்: 6, 7, 8-ஆம் வகுப்பு ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகள்

குமரி மாவட்ட நடுநிலைப் பள்ளிகளில் இந்தப் பாடத்தைச் சார்ட்டும் வீட்டுப் பயிற்சியுமாக நடத்தும்போது, ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறோம்.

கை கழுவுறது தனி, சத்துணவு தனி. ரெண்டையும் எதுக்கு ஒரே பாடமா நடத்தணும்?

தின்ற சோறு உடம்பில் சேர்வதும் வீணாவதும் குடலின் நிலையைப் பொறுத்தது. கழுவாத கையோடு சாப்பிட்டு அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும் பிள்ளைக்கு முட்டையும் பயறும் கொடுத்தாலும் பாதி பலன்தான். உருண்டைப்புழு, சாட்டைப்புழு இவற்றின் முட்டைகள் மண்ணிலிருந்து விரலுக்கும் விரலிலிருந்து வாய்க்கும் போகின்றன. நகத்தடியில் தங்கும் மண்தான் அவற்றுக்கு வசதியான இடம்.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்லுங்கள். ரத்தசோகைக்குப் பெரிய காரணமான கொக்கிப்புழு பெரும்பாலும் பாதத்தின் தோலைத் துளைத்துத்தான் உள்ளே போகிறது. மழை அதிகம் பெய்து மண் ஈரமாகவே கிடக்கும் விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்திலும் வாழைத் தோட்டத்திலும் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளுக்கு இது முக்கியம். கை கழுவினால் எல்லாப் புழுவும் போய்விடும் என்று சொல்லிவிட்டால் செருப்பைப் பற்றிய பாடம் விட்டுப்போகும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரை எதற்கு என்று விளக்கவும் இதுவே சரியான இடம்.

எத்தனை பீரியட் ஒதுக்கணும்?

மூன்று பீரியட் போதும். முதலாவதில் கைகழுவல் சோதனை, இரண்டாவதில் உணவு, மூன்றாவதில் சார்ட் தயாரிப்பு. அதற்குப் பிறகு நான்கு வாரம், தினமும் காலையில் ஐந்து நிமிடம் சார்ட்டுக்கு வேண்டும். அந்த ஐந்து நிமிடம் கிடைக்காது என்றால் சார்ட்டைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. பாதியில் நின்றுபோன சார்ட் சுவரில் தொங்கினால், இது வெறும் அலங்காரம் என்றுதான் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

ஏழு ஸ்டெப், ஆறு ஸ்டெப்னு ஒவ்வொரு போஸ்டர்லயும் ஒவ்வொரு மாதிரி இருக்கு. எதைச் சொல்லிக்கொடுக்க?

எண்ணிக்கையை விடுங்கள், இடங்களைச் சொல்லுங்கள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி, மணிக்கட்டு. கையை நனைத்து, சோப்பு போட்டு, இந்த ஆறு இடத்தையும் 20 வினாடி தேய்த்து, ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். நகநுனிக்கு, விரல்களைக் குவித்து மறு உள்ளங்கையில் சுரண்டுவதுபோல் தேய்க்கச் சொல்லுங்கள். கட்டைவிரலை மற்ற கையால் பொத்திப் பிடித்துத் திருக வேண்டும்.

பிள்ளைகள் விடுவது எப்போதும் இரண்டு இடம்: கட்டைவிரலும் நகநுனியும். சோறு பிசையவும் உருட்டவும் படுவது இந்த இரண்டும்தான். அதனால் வலது கைக்காரப் பிள்ளை வலது கட்டைவிரலைத் தேய்த்ததா என்று மட்டும் பார்த்தாலே பாதித் தவறு கண்ணில் படும். கடைசியில் கையை நிஜாரிலோ பாவாடையிலோ துடைக்காமல் உதறிக் காயவிடச் சொல்லுங்கள்.

சோப்பு எதுக்கு, நல்லா தண்ணியில கழுவினா போதாதானு பிள்ளைங்க கேக்குது. எப்படிக் காட்டுறது?

தேங்காய் எண்ணெயும் காப்பித்தூளும் போதும். நான்கு பிள்ளைகளை அழையுங்கள். ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் நாலு சொட்டு எண்ணெய், அதன்மேல் கால் கரண்டி நைசான காப்பித்தூள். இரண்டு கையையும் தேய்த்து விரலிடுக்கு வரை பரப்பச் சொல்லுங்கள். முதல் பிள்ளை தண்ணீரில் மட்டும் 20 வினாடி, இரண்டாவது பிள்ளை சோப்பு போட்டு 5 வினாடி, மூன்றாவது பிள்ளை சோப்பு போட்டு 20 வினாடி கழுவட்டும். நான்காவது பிள்ளை கழுவ வேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்க நிற்கட்டும். பிறகு நான்கு பேரும் வெள்ளைத் தாளில் கையை அழுத்தி எடுக்க வேண்டும்.

தண்ணீரில் மட்டும் கழுவிய கையில் எண்ணெயும் தூளும் தெளிவாகத் தங்கியிருக்கும். ஐந்து வினாடிக் கையில் உள்ளங்கை சுத்தமாகவும் விரலிடுக்கும் நகமும் பழுப்பாகவும் இருக்கும். தண்ணீர் எண்ணெயோடு சேராது. சோப்பின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கிறது, மறுமுனை தண்ணீரைப் பிடிக்கிறது, அலசும்போது அழுக்கு இரண்டோடும் சேர்ந்து போகிறது என்று அங்கேயே சொல்லிவிடலாம். மஞ்சள்தூள் வேண்டாம். அது தோலிலேயே சாயமாக ஒட்டும். சோப்பு போட்டும் போகாததைப் பார்த்துப் பிள்ளைகள் தப்பான முடிவுக்கு வருவார்கள்.

தட்டுல தண்ணி ஊத்தி மிளகுத்தூள் தூவி, சோப்பு விரலை வச்சா தூள் ஓடுமே. அது இன்னும் அழகா இருக்கே?

அழகாக இருக்கும், ஆனால் சொல்லவேண்டிய விஷயத்தைத் தப்பாகச் சொல்கிறது. அங்கே தூள் விலகுவது தண்ணீரின் பரப்பு இழுவிசை சோப்பால் குறைவதால். கிருமி சோப்பைக் கண்டு ஓடுவதாகப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டால், விரலில் சோப்பைத் தொட்டாலே போதும், தேய்க்கவும் அலசவும் தேவையில்லை என்றாகிவிடும். எட்டாம் வகுப்பில் பரப்பு இழுவிசைக்கு அந்தச் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். கைகழுவலுக்கு மேலே சொன்ன காப்பித்தூளே சரி.

எங்க ஸ்கூல் கடலோரத்துல. கிணத்துத் தண்ணி உப்பு. சோப்பு நுரையே வரல, பிள்ளைங்க சோப்பு போட்டும் பிரயோஜனம் இல்லங்குது.

உப்புத் தண்ணீரிலும், சுண்ணாம்புச் சத்து கலந்த கடினத் தண்ணீரிலும் கட்டி சோப்பு நுரைக்காது. கடினத் தண்ணீரில் சோப்பின் ஒரு பகுதி அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாக வாளி ஓரத்தில் ஒட்டும். அவ்வளவு சோப்பு வீணாகிறது என்பது உண்மை. மீதி சோப்பு வேலை செய்யும். நுரை குறைவாக இருப்பதால் மட்டும் கை சுத்தமாகவில்லை என்று சொல்ல முடியாது. காப்பித்தூள் சோதனையை அந்தத் தண்ணீரிலேயே செய்து காட்டினால் பிள்ளைகளே ஒப்புக்கொள்வார்கள்.

இப்படிப்பட்ட தண்ணீருக்குக் கட்டி சோப்பைவிடத் துணி துவைக்கும் பவுடர் கரைத்த தண்ணீரோ திரவ சோப்போ நன்றாக வேலை செய்யும், சுண்ணாம்போடு அவ்வளவாகப் படியாது. ஒரு லிட்டர் பாட்டிலுக்கு 20 கிராம் பவுடர் போதும். கையில் புண், வெடிப்பு உள்ள பிள்ளைக்கு எரியும். அவர்களுக்குக் குளியல் சோப்பு தனியாக வையுங்கள்.

குழாய் ரெண்டுதான் இருக்கு. சாப்பாட்டு மணி அடிச்சா 90 பிள்ளைங்க. 20 வினாடி தேய்க்கச் சொன்னா சோறு ஆறிப்போகும்.

குழாயடியில் நின்று தேய்ப்பதுதான் பிரச்சினை. நனைத்து, தேய்த்து, அலச ஒரு பிள்ளைக்கு 40 வினாடி என்றால், 90 பிள்ளைகளுக்கு இரண்டு குழாயில் 30 நிமிடம் ஆகும். தேய்ப்பதைக் குழாயிலிருந்து பிரித்துவிடுங்கள். வரிசையின் தொடக்கத்தில் ஒரு வாளியும் குவளையும் இருக்கட்டும். ஒரு பிள்ளை குவளையால் ஊற்றிக் கையை நனைத்து, பாட்டிலிலிருந்து சோப்புத் தண்ணீர் பீய்ச்சி விடட்டும். வரிசையில் நகர்ந்துகொண்டே தேய்த்து, குழாயடிக்கு வரும்போது அலசினால் மட்டும் போதும். அலச 10 வினாடி. அப்போது 90 பேருக்கும் ஏழரை நிமிடத்தில் முடியும், குழாயும் வீணாக ஓடாது.

நனைக்கும் வாளிக்குள் யாரும் கையை முக்கக் கூடாது. ஒரு பிள்ளை முக்கிவிட்டால் அந்தத் தண்ணீர் அடுத்த 89 பேருக்கும் போகிறது.

சானிடைசர் வச்சிட்டா இந்த வரிசையே வேண்டாமே?

மண்ணும் எண்ணெயும் உள்ள கையில் அது சரியாக வேலை செய்யாது. விளையாடி வந்த கை அப்படித்தான் இருக்கும். புழு முட்டையை அது கொல்லாது. வெளியூர்ப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சார்ட்டுல தினமும் எல்லாரும் டிக் போட்டிருக்காங்க. ஆனா உண்மையில கழுவுறாங்களானு சந்தேகமா இருக்கு.

சந்தேகம் நியாயமானது. "கழுவினாயா" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் இல்லை என்று எழுதாது. டிக்கை எடுத்துவிட்டு, சோப்பு எவ்வளவு குறைந்தது என்பதைச் சார்ட்டில் ஏற்றுங்கள்.

ஒரு லிட்டர் மென்மையான பிளாஸ்டிக் பாட்டிலில் சோப்புத் தண்ணீர் நிரப்பி, மூடியில் ஊசியைச் சூடாக்கி ஒரு துளை போடுங்கள். ஆய்வகத்து அளவுசாடியால் 50 மில்லியாக ஊற்றி, பாட்டிலின் பக்கத்தில் பேப்பர் டேப் ஒட்டி ஒவ்வொரு 50-க்கும் கோடு போட வேண்டும். இதைப் பிள்ளைகளே செய்யட்டும், அளவைப் பாடமும் ஆகும். முதல் நாள் நீங்கள் பக்கத்தில் நின்று எல்லாரும் ஒரே ஒரு அழுத்து அழுத்திச் சரியாகக் கழுவுவதைப் பாருங்கள். 24 பிள்ளைகள் கழுவியபின் 100 மில்லி குறைந்திருந்தால், ஒருவருக்கு ஏறக்குறைய 4 மில்லி. இதுதான் உங்கள் வகுப்பின் அளவுகோல்.

அடுத்த நாள்களில் நீங்கள் நிற்க வேண்டாம். செவ்வாய் 23 பேர் வந்து 90 மில்லி குறைந்தால் சரி. புதன் 24 பேர் வந்து 60 மில்லிதான் குறைந்தது என்று வையுங்கள். 60-ஐ 4-ஆல் வகுத்தால் 15. ஆக ஒன்பது பேர் அளவுக்கு சோப்பு போகவில்லை. வியாழன் 55 மில்லி, ஏறக்குறைய அதே கதை. வெள்ளி 20 பேர்தான் வந்தார்கள், 80 மில்லி குறைந்தது, சரியாகிவிட்டது. இப்போது யார் கழுவவில்லை என்று தேடாமல், புதனும் வியாழனும் என்ன வித்தியாசம் என்று வகுப்பையே கேளுங்கள். அந்த இரண்டு நாளும் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியட் விளையாட்டு என்றால், மைதானத்திலிருந்து நேராகத் தட்டை எடுக்க ஓடியிருப்பார்கள். பாட்டிலை மைதானத்திலிருந்து சாப்பாட்டுக்கு வரும் வழியில் மாட்டி, அடுத்த புதன் கோட்டைப் பாருங்கள்.

யாராவது விளையாட்டுக்கு பீச்சி அடிச்சா கணக்கு தப்பாயிடுமே?

தப்பாகும், அது தெரிந்தும் போகும். ஒருவருக்கு 4 மில்லி என்ற கணக்குக்கு மேலே பாட்டில் இறங்கியிருந்தால் யாரோ விளையாடியிருக்கிறார்கள், அல்லது மூடித் துளை பெரிதாகிவிட்டது. முதலில் துளையைப் பாருங்கள். அந்த நாள் கட்டத்தைக் காலியாக விட்டு ஓரத்தில் காரணத்தை எழுதச் சொல்லுங்கள். வெள்ளி மாலை மீதியைக் கொட்டிப் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, திங்கள் புதிதாகக் கரைக்க வேண்டும். பழையதின்மேல் ஊற்றிக்கொண்டே போனால் அடியில் படிவு சேர்ந்து துளை அடைக்கும்.

உணவு சார்ட்டுக்கு என்ன கட்டம் போடலாம்? "சத்தான உணவு சாப்பிட்டேன்"னு ஒரு கட்டம் வச்சோம்.

அந்தக் கட்டத்தில் பிள்ளைகளால் எதையும் தெளிவாக எழுத முடியாது. பொருள்களின் பெயரில் நாலு கட்டம் போடுங்கள். ஒன்று சோறு, கிழங்கு, புட்டு போன்றவை. இரண்டு பயறு, பருப்பு, மீன், முட்டை, பால். மூன்று காய், கீரை. நான்கு பழம். காலையில் முதல் பீரியடில், நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை தின்றதை நினைத்துப் பார்த்து ஒவ்வொரு கட்டத்திலும் பெயரை எழுத வேண்டும். மாலையில் வீட்டில் எழுதச் சொன்னால் ராத்திரிச் சாப்பாடு விட்டுப்போகும்.

பள்ளிச் சத்துணவையும் சேர்த்து எழுதட்டும். பள்ளி நாள்களில் முட்டை கிடைப்பதால் இரண்டாம் கட்டம் பெரும்பாலும் நிரம்பும். சனி, ஞாயிறு அது காலியாகிறதா என்று பார்ப்பதில்தான் பாடம் இருக்கிறது. முட்டைக்குப் பதில் வாழைப்பழம் வாங்கும் பிள்ளை அதை நாலாம் கட்டத்தில்தான் எழுத வேண்டும். பழம் முட்டையின் புரதத்தை ஈடு செய்யாது. அந்தப் பிள்ளைக்குப் பயறோ பாலோ வேறு வேளையில் தேவை.

மரச்சீனியும் மீன்கறியும் தினமும் தின்னுற பிள்ளைகிட்ட அது நல்லதுனு சொல்றதா, கெட்டதுனு சொல்றதா?

நல்ல சாப்பாடு, இரண்டும் சேர்ந்து இருக்கும்வரை. மரச்சீனிக் கிழங்கில் இருப்பது முழுக்க மாவுச்சத்து. 100 கிராமில் ஒன்று, ஒன்றரை கிராம் புரதம்தான். அதே அளவு சாளை மீனில் ஏறக்குறைய 20 கிராம். நெத்திலியை முள்ளோடு தின்றால் கால்சியமும் சேரும். மீன் இல்லாமல் கிழங்கும் மிளகாய்ச் சம்மந்தியும் மட்டும் என்றால் வயிறு நிறையும், இரண்டாம் கட்டம் காலியாக இருக்கும். மேற்குக் கடலில் ஜூன், ஜூலை விசைப்படகுத் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது இப்படித்தான் நடக்கிறது. அந்த மாதங்களில் கிழங்கோடு சிறுபயறோ கொண்டைக்கடலைக் கறியோ முட்டையோ வைக்கலாம் என்று வகுப்பிலேயே பட்டியல் போடுங்கள். புட்டும் பயறும் நம்மூர்ச் சாப்பாடுதானே.

கிழங்கைத் தோல் சீவி, நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுவது நம் வீடுகளில் வழக்கம். கிழங்கில் உள்ள சயனைடு சேர்மம் அப்படித்தான் குறைகிறது. ஏன் கொட்டுகிறோம் என்று பிள்ளைகள் பாட்டியிடம் கேட்டுவரட்டும்.

கீரை எழுதுறாங்க, ஆனாலும் பிள்ளைங்க வெளுத்துப்போய்த்தான் இருக்கு. காலையில சாயாவும் ரஸ்கும்தான்.

முருங்கைக்கீரையின் இரும்புச்சத்து எளிதில் உடம்பில் சேர்வதில்லை. சாப்பாட்டோடு தேயிலை போனால் இன்னும் குறையும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்ந்தால் கூடும். ஆகவே கீரைத் துவரனோடு ஒரு எலுமிச்சைத் துண்டு, சாயா சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி. உணவு சார்ட்டில் "சாயா எப்போது" என்று ஐந்தாவது கட்டம் ஒன்று சேர்த்தால் போதும், திட்ட வேண்டியதில்லை.

கண்ணின் கீழிமை உள்பக்கம் வெளிறி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் பிள்ளையைச் சார்ட்டை வைத்துச் சரிசெய்ய முயலாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். வாராந்திர நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்குகிறதா என்பதையும் பாருங்கள். வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டல் வந்த பிள்ளை அடுத்த வாரம் ஒளித்து எறிந்துவிடும்.

ஒரு பிள்ளையோட கட்டம் தினமும் காலியா இருந்தது. மத்த பிள்ளைங்க பார்த்துட்டாங்க, அது அழுதுடுச்சு.

உணவு சார்ட்டில் பெயரோ வருகை எண்ணோ வரவே கூடாது. தனித்தனியாக எழுதுவது நோட்டில், நோட்டு உங்களிடம். சுவரில் ஐந்து பேர் கொண்ட குழுவின் வரிசை மட்டும்: அந்தக் குழுவில் இரண்டாம் கட்டம் எத்தனை பேருக்கு நிரம்பியது என்ற எண். குழுக்களுக்குள் போட்டியும் நட்சத்திரமும் வைக்காதீர்கள்; வைத்த அன்றே பிள்ளைகள் தின்னாததை எழுதத் தொடங்குவார்கள். நோட்டில் தொடர்ந்து காலியாக இருக்கும் பிள்ளையைப் பற்றிச் சத்துணவு அமைப்பாளரிடம் தனியாகப் பேசலாம்.

வீட்டுப் பயிற்சினு என்ன கொடுக்கலாம்? டெய்லி கை கழுவி அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னோம்.

கையெழுத்தும் டிக் மாதிரிதான். திங்கள் காலை ஏழு நாளுக்கும் ஒரே பேனாவில் வந்துவிடும். பார்த்து எழுத வேண்டிய வேலையாகக் கொடுங்கள், வாரத்துக்கு ஒன்று. முதல் வாரம், வீட்டில் சாப்பிட உட்காரும் இடத்திலிருந்து தண்ணீர் எத்தனை எட்டு, சோப்பு எத்தனை எட்டு என்று நடந்து அளந்து படம் வரைய வேண்டும். நிறைய வீடுகளில் சோப்பு குளியலறையிலோ கிணற்றடித் துவைகல்லிலோ இருக்கும், சாப்பிடும் இடத்தில் இருக்காது. இரண்டாம் வாரம், ஒரு சிறு துண்டு சோப்பைச் சிரட்டையில் துளை போட்டு அடுக்களை வாசலில் வைத்து, அது எத்தனை நாளில் கரைந்தது என்று எழுத வேண்டும். துளை இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கிச் சோப்பு இரண்டே நாளில் குழைந்துவிடும்.

மூன்றாம் வாரம், வீட்டைச் சுற்றிப் பறிக்கக்கூடிய காய், கீரை, பழங்களின் பட்டியல்: முருங்கை, பப்பாளி, சக்கை, சேம்பு, மட்டிப்பழம் என்று எது இருக்கிறதோ அது. நான்காம் வாரம், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் காலியாக இருந்த கட்டத்தை அந்தப் பட்டியலிலிருந்து நிரப்ப முடிந்ததா என்று எழுத வேண்டும். முடியவில்லை என்றால் அதற்கான காரணமும் முழு மதிப்பெண் பெறும் பதில்தான்.

முதல் வாரம் பாட்டில் நல்லா இறங்கிச்சு. நாலாம் வாரம் பாதிதான். பிள்ளைங்களுக்கு அலுத்துப்போச்சா?

அலுப்பு என்று முடிவு செய்வதற்கு முன் மூன்றைப் பாருங்கள். பாட்டில் காலை முதல் நிரம்பி இருந்ததா, யார் நிரப்புவது என்று பெயர் குறித்திருக்கிறதா, குழாயில் அந்த வாரம் தண்ணீர் வந்ததா. பெரும்பாலும் நிரப்பும் பிள்ளை இரண்டு நாள் வராமல் போயிருக்கும். ஒரு வேலைக்கு இரண்டு பேரை வையுங்கள்.

மூன்றும் சரியாக இருந்தும் குறைந்தால், மீண்டும் ஒருநாள் பக்கத்தில் நின்று அளவுகோலைப் புதிதாக எடுங்கள். பிள்ளைகள் அரை அழுத்தோடு நிறுத்தப் பழகியிருந்தால் ஒருவருக்கு 4 மில்லி என்பது 2 ஆகியிருக்கும். கழுவுவது எல்லாரும்தான், சோப்புதான் குறைவு. அப்படியானால் தூளும் எண்ணெயும் எடுத்து, 2 மில்லியில் கட்டைவிரல் சுத்தமாகிறதா என்று வகுப்பே சோதிக்கட்டும். சுத்தமானால் அதுவே புதிய அளவு, சார்ட்டின் கோட்டை மாற்றிவிடலாம்.